ஒன்றுக்கு அடுத்து தொண்ணூற்றிரண்டு: தனித்தனியாக ஸ்கேன் செய்த முன், பின் பக்கங்களைச் சேர்க்கும்போது வரும் கோளாறுகள்

இருபுறமும் அச்சான தாளை ஒருபுறம் மட்டும் படிக்கும் ஸ்கேனரில் கொடுத்தால் வேலை இரண்டு தவணையாகும். முதலில் முன்பக்கங்கள் எல்லாம் ஒரு கோப்பு. கட்டைத் திருப்பி வைத்தால் பின்பக்கங்கள் எல்லாம் இன்னொரு கோப்பு. பிறகு இரண்டையும் முன், பின், முன், பின் என்று கோத்து ஒரே பிடிஎஃப் ஆக்க வேண்டும். கோப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. கோத்தது தவறாக வந்தால் எங்கே தவறியது என்று கண்டுபிடிப்பதில்தான் மதியம் முழுக்கப் போகும்.

என் கடையில் இது வாரம் இரண்டு முறையாவது வரும் வேலை. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கொண்டுவந்த இலக்கணக் குறிப்புகளை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். ஸ்பைரல் கம்பியை உருவிய 46 தாள்கள், இருபுறமும் தட்டச்சு, மொத்தம் 92 பக்கங்கள், கீழே நடுவில் பக்க எண். முன்பக்கங்கள் எல்லாம் ஒற்றைப்படை எண்கள், பின்பக்கங்கள் எல்லாம் இரட்டைப்படை எண்கள். கீழே வரும் எண்கள் அனைத்தும் இந்தக் கட்டை வைத்தே சொல்லப்படுகின்றன. உங்கள் கட்டில் தாள் எண்ணிக்கை மாறலாம், தடம் மாறாது.

கோப்பதற்கு நான் பயன்படுத்துவது qpdf என்னும் இலவச நிரல். முன்பக்கக் கோப்பு fronts.pdf, பின்பக்கக் கோப்பு backs.pdf என்றால் கட்டளை இது:

```
qpdf --empty --collate --pages fronts.pdf 1-z backs.pdf z-1 -- full.pdf
```

இதில் z என்பது கடைசிப் பக்கம். 1-z என்றால் முதலிலிருந்து கடைசி வரை. z-1 என்றால் கடைசியிலிருந்து முதல் வரை. கறுப்புத் திரையில் கட்டளை தட்டச்சு செய்யப் பிடிக்காதவர்கள் PDFsam Basic நிரலில் Alternate Mix என்பதைத் திறந்து, பின்பக்கக் கோப்பின் வரிசையில் Reverse என்ற கட்டத்தில் குறியிட்டால் இதே வேலை நடக்கும். NAPS2 வைத்து ஸ்கேன் செய்பவர்களுக்கு Alternate Interleave என்ற கட்டளை அதிலேயே இருக்கிறது. எதைப் பயன்படுத்தினாலும் மூலக் கோப்புகள் இரண்டையும் கடைசி வரை அழிக்காதீர்கள். கோத்த கோப்பில் கை வைத்துத் திருத்தாதீர்கள். எந்தத் திருத்தமும் மூலக் கோப்பில் செய்து, மறுபடியும் கோப்பதே சுருக்கமான வழி. கோத்த கோப்பில் பக்கத்தை இழுத்து இழுத்து நகர்த்தியவர் யாரும் சீக்கிரம் வீட்டுக்குப் போனதில்லை.

எதற்கும் முன்னால்: மூன்று எண்கள்

தாள்களைக் கையால் எண்ணுங்கள். பிறகு இரண்டு கோப்புகளின் பக்க எண்ணிக்கையையும் பாருங்கள்.

```
qpdf --show-npages fronts.pdf
qpdf --show-npages backs.pdf
```

46, 46, 46 என்று மூன்றும் ஒத்திருந்தால் கோளாறு வரிசையில் இருக்கிறது. பக்கம் எதுவும் தொலையவில்லை. கோப்புகளில் ஒன்று குறைந்தால் பக்கம் தொலைந்திருக்கிறது. இரண்டு கோப்பும் சமமாக இருந்து, கையால் எண்ணியது மட்டும் அதிகமாக இருந்தால், அதுதான் இருப்பதிலேயே கள்ளத்தனமான கோளாறு. அதற்குக் கீழே தனியிடம் கொடுத்திருக்கிறேன்.

பெரும்பாலானோர் கையால் எண்ணுவதைத் தவிர்த்துவிடுகிறார்கள். ஆசிரியர் கட்டில் நானும் அதைத்தான் தவிர்த்தேன்.

அறிகுறி: 1, 92, 3, 90, 5, 88 என்று போகிறது

முதல் பக்கம் சரி, அடுத்த பக்கமே கடைசிப் பக்கம். அடுத்தடுத்த இரண்டு எண்களைக் கூட்டிப் பாருங்கள்: 1-உம் 92-உம் 93, 3-உம் 90-உம் 93. கூட்டுத்தொகை மாறாமல் கடைசி வரை போனால் ஒரு பக்கமும் தொலையவில்லை, பின்பக்கங்கள் தலைகீழ் வரிசையில் கோக்கப்பட்டிருக்கின்றன, அவ்வளவே. கட்டின் நடுவே போய்ப் பார்த்தால் 47-க்கு அடுத்து 46 என்று ஏறக்குறைய சரியாகத் தோன்றும் ஓரிடமும் இருக்கும். அதைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம்.

காரணம் எளிது. மேலே ஃபீடர் வைத்த ஸ்கேனர்களில் பெரும்பாலானவை எழுத்து மேல்நோக்கி வைத்த கட்டின் மேல் தாளை முதலில் இழுத்து, வளைத்துத் திருப்பி, கீழ்த்தட்டில் கவிழ்த்துப் போடும். முதல் தாள் அடியில் கவிழ்ந்து கிடக்கும். 46-ஆம் தாள் உச்சியில், தன் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். கட்டை அப்படியே எடுத்து மேலே வைத்தால் முதலில் படிக்கப்படுவது 92, கடைசியில் 2. அதனால்தான் கட்டளையில் z-1 இருக்கிறது.

z-1 போடாமல் கோத்திருந்தால் இந்த அறிகுறி வரும். போட்டும் வருகிறதா? அப்படியானால் யாரோ இடையில் தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பி அடுக்கி, பின்பக்கங்களையும் 2, 4, 6 என்ற நேர் வரிசையில் ஸ்கேன் செய்திருக்கிறார்கள். கண்ணாடியில் ஒவ்வொரு தாளாக வைத்து எடுப்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் செய்வார்கள். அப்போது தேவைப்படுவது 1-z.

எது என்று ஊகிக்க வேண்டியதில்லை. backs.pdf கோப்பைத் திறந்து முதல் பக்கத்தைப் பாருங்கள். 92 இருந்தால் z-1, 2 இருந்தால் 1-z.

அறிகுறி: 1, 62, 3, 64, 5, 66 என்று போகிறது

இங்கே கூட்டுத்தொகை மாறிக்கொண்டே போகும், வித்தியாசம்தான் மாறாது. ஒன்றுக்கும் அறுபத்திரண்டுக்கும் 61, மூன்றுக்கும் அறுபத்துநான்குக்கும் 61. 31-க்கு அடுத்து 92 வந்தபின் சட்டென்று 33-க்கு அடுத்து 2 வரும்.

கட்டை இரண்டு தவணையாக வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஸ்பைரல் துளையிட்ட தாள்கள் சிக்கிக்கொள்ளும் என்பதால் நான் 30, 16 என்று பிரித்து வைத்தேன். முன்பக்கங்களுக்கு அதில் தொல்லை இல்லை. பின்பக்கத்துக்கும் பழக்கதோஷத்தில் முதல் 30 தாளையே முதலில் வைத்தால் 60 முதல் 2 வரை இறங்கும். பிறகு அடுத்த 16 தாளை வைக்கும்போது 92 முதல் 62 வரை இறங்கும். மொத்தத்தையும் திருப்பினால் 62 முன்னால் வந்து நிற்கும்.

மறுபடியும் ஸ்கேன் செய்ய வேண்டாம். ஒவ்வொரு தவணையையும் தனியாகத் திருப்பச் சொன்னால் போதும்:

```
qpdf --empty --collate --pages fronts.pdf 1-z backs.pdf 30-1,46-31 -- full.pdf
```

அடுத்த முறை பின்பக்கங்களுக்குக் கடைசித் தவணைக் கட்டை முதலில் வையுங்கள். வழக்கமான கட்டளையே போதும்.

அறிகுறி: பாதி வரை சரி, பிறகு ஒரு பக்கம் தள்ளிப் போகிறது

இதுதான் அதிகம் வருவது. ஃபீடர் இரண்டு தாளை ஒன்றாக இழுத்துவிட்டது, அல்லது பின்பக்கம் ஒன்று வெற்றுப் பக்கம் என்று ஸ்கேனரே வெட்டி எறிந்துவிட்டது. கோப்பு எண்ணிக்கைகளில் ஒன்று 45 என்று காட்டும்.

எந்தப் பக்கம் தொலைந்தது என்று 92 பக்கத்தையும் புரட்டத் தேவையில்லை. கோத்த கோப்பில் நடுப்பக்கத்துக்குப் போங்கள். அங்கே சரியாக இருந்தால் உடைப்பு பின்பாதியில். தவறாக இருந்தால் முன்பாதியில். அந்தப் பாதியின் நடுவுக்குப் போங்கள். இப்படி ஆறேழு முறை பாதி பாதியாக்கினால் உடைந்த இடத்திலேயே வந்து நிற்பீர்கள்.

நின்றதும் நாலைந்து எண்களை வாசியுங்கள். 33, 34, 37, 36 என்று இருந்தால் ஒற்றைப்படை தாவியிருக்கிறது: 35 இல்லை, தொலைந்தது முன்பக்கம். 33, 34, 35, 38, 37 என்று இருந்தால் இரட்டைப்படை தாவியிருக்கிறது: 36 இல்லை, தொலைந்தது பின்பக்கம். கோப்பின் வாலும் இதையே சாட்சி சொல்லும். முன்பக்கம் தொலைந்திருந்தால் கடைசியில் 91, 90, 92 என்று இரட்டைப்படைப் பக்கம் ஒன்று துணையில்லாமல் தொங்கும். பின்பக்கம் தொலைந்திருந்தால் 89, 92, 91 என்று ஒற்றைப்படை தொங்கும்.

18-ஆம் தாளை எடுத்து விடுபட்ட பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்யுங்கள். 35 முன்பக்கத்தில் விடுபட்டது என்றால் அது fronts.pdf கோப்பில் 17 பக்கங்களுக்குப் பின் நுழைய வேண்டும்:

```
qpdf --empty --pages fronts.pdf 1-17 p35.pdf 1 fronts.pdf 18-z -- fronts2.pdf
```

பின்பக்கத்தில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள், ஏனென்றால் அந்தக் கோப்பு தலைகீழாகக் கிடக்கிறது. மொத்தத் தாளிலிருந்து அந்தத் தாளின் எண்ணைக் கழித்து ஒன்று கூட்டுங்கள். 46-இல் 18 போனால் 28, ஒன்று கூட்டினால் 29. அதாவது 36-ஆம் பக்கம் backs.pdf கோப்பில் 29-ஆவது இடத்தில் இருந்திருக்க வேண்டும்.

```
qpdf --empty --pages backs.pdf 1-28 p36.pdf 1 backs.pdf 29-z -- backs2.pdf
```

நுழைத்தபின் பழையபடி கோத்தால் முடிந்தது. ஏற்கெனவே உள்ள கோப்பின் பெயரிலேயே வெளியீட்டை எழுதச் சொன்னால் மூலக் கோப்பே கெட்டுப்போகலாம். அதனால்தான் fronts2, backs2 என்று புதுப் பெயர்கள்.

அறிகுறி: தள்ளிப் போவது ஒரு முறையோடு நிற்காமல் போகப் போகக் கூடுகிறது

முதலில் ஒரு பக்கம், பத்துத் தாள் தாண்டி இரண்டு பக்கம், அப்புறம் மூன்று. fronts.pdf 46, backs.pdf 41 என்பது போல எண்ணிக்கை இருக்கும்.

இது ஃபீடரின் தவறு அல்ல. ஸ்கேன் நிரலில் வெற்றுப் பக்கங்களை நீக்கும் அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கிறது. அத்தியாயம் முன்பக்கத்தில் முடிந்து பின்பக்கம் வெறுமையாக இருந்தால், அது உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தை எடுத்துவிடும். முன், பின் என்று கோக்கும் வேலையில் வெற்றுப் பக்கமும் ஒரு பக்கம்தான். அது போனால் பின்னால் வருவதெல்லாம் நகர்ந்துவிடும். நாலே வரி இருக்கும் வெளிறிய பக்கத்தைக்கூட வெற்று என்று எடுத்துவிடுவதுண்டு, கவனம்.

தாள்கள் கையில் இருந்தால் அந்த அமைப்பை அணைத்துவிட்டு பின்பக்கங்களை மட்டும் மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். ஐந்தாறு இடத்தில் ஒட்டுப் போடுவதைவிட அது விரைவு. தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள் என்றால், வெள்ளைத் தாள் ஒன்றை ஸ்கேன் செய்து blank.pdf என்று வைத்துக்கொண்டு, மேலே சொன்ன நுழைக்கும் கட்டளையை ஒவ்வோர் இடத்துக்கும் பயன்படுத்துங்கள். இடத்தைக் கணக்கிடும்போது மட்டும் 46-க்குப் பதில், பின்பக்கக் கோப்பில் அப்போது இருக்கும் பக்க எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி, அதிலிருந்து தாள் எண்ணைக் கழியுங்கள். உடைப்புகளைக் கடைசியிலிருந்து அல்ல, முதல் உடைப்பிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகச் சரி செய்து, ஒவ்வொரு முறையும் மறுபடி கோத்துப் பாருங்கள். ஒன்றைச் சரி செய்யாமல் அடுத்தது எங்கே என்று தெரியாது. எல்லாம் முடிந்தபின் வெற்றுப் பக்கங்கள் வேண்டாம் என்றால் கோத்த கோப்பிலிருந்து நீக்கிக்கொள்ளலாம்.

அறிகுறி: முதலும் கடைசியும் சரி, நடுவில் கொஞ்ச தூரம் மட்டும் கோணல்

33, 34, 37, 36, 39, 38 என்று கோணலாகி, 59, 58 வரை அப்படியே போய், அடுத்து 61, 62 என்று தானாகவே நேராகிவிடுகிறது. மருந்து கொடுக்காமலே காய்ச்சல் விட்டது போல.

இரண்டு பக்கங்கள் தொலைந்திருக்கின்றன: முன்பக்கத்தில் 35, பின்பக்கத்தில் 60. இரண்டு கோப்பும் 45 என்பதால் எண்ணிக்கை ஒத்துப்போகும். முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் மட்டும் பார்த்துவிட்டுக் கோப்பை அனுப்புபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். கோணல் தொடங்கும் இடத்தில் ஒன்று, நேராகும் இடத்தில் ஒன்று என்று இரண்டையும் தனித்தனியாக நுழைக்க வேண்டும்.

அறிகுறி: எங்குமே கோணல் இல்லை, ஆனால் வாசிப்பவர் ஏதோ விடுபட்டிருக்கிறது என்கிறார்

ஆசிரியர் கட்டில் எனக்கு நேர்ந்தது இதுதான். இரண்டு கோப்பும் 45. கோத்தேன், ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று மாறி மாறி ஒழுங்காகவே போயிற்று. அனுப்பிவிட்டேன். மறுநாள் அவரே கடைக்கு வந்து, "தம்பி, வேற்றுமையில் நான்காம் வேற்றுமையைக் காணோம்" என்றார். சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை; சிரித்துக்கொண்டே சொன்னார்.

கோப்பில் 31, 32, 33, 36, 37, 38 என்று இருந்தது. 34-உம் 35-உம் இல்லை. எப்படி என்றால், 17-ஆம் தாளும் 18-ஆம் தாளும் ஸ்பைரல் துளையின் ஓரப் பிசிறுகளில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஒரே தாளாகவே பயணம் செய்திருக்கின்றன. முதல் தவணையில் மேலே இருந்த 17-ஆம் தாளின் முகம் மட்டும் தெரிந்தது: 33 கிடைத்தது, 35 போயிற்று. கட்டு திரும்பியபின் 18-ஆம் தாள் மேலே வந்தது: 36 கிடைத்தது, 34 போயிற்று. இரண்டு தாளின் வெளிமுகங்கள் மட்டும் பதிந்து, உட்பக்கங்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று முகம் பார்த்தபடியே தப்பித்துவிட்டன. இரு கோப்பிலும் ஒவ்வொன்று குறைந்ததால் எண்ணிக்கை ஒத்துப்போயிற்று, கோணலும் வரவில்லை.

ஒன்றோடொன்று ஒட்டிய தாள்களுக்கு இந்தத் தடம் எப்போதும் இதுவே: அடுத்தடுத்த இரண்டு பக்கங்கள், முதலாவது இரட்டைப்படை, இரண்டாவது ஒற்றைப்படை. ஸ்டேப்ளர் பின் எடுக்காமல் விட்ட இரண்டு தாள்களும், தேநீர் சிந்தி ஒட்டிய தாள்களும் இதையே செய்யும். இதைப் பிடிக்க எளிய வழி, கையால் எண்ணிய 46-ஐயும் கோப்பின் 45-ஐயும் ஒப்பிடுவது.

சரி செய்ய அந்த இரண்டு தாளையும் பிரித்து, 35-ஐ fronts.pdf கோப்பில் 17 பக்கங்களுக்குப் பின்னும், 34-ஐ backs.pdf கோப்பிலும் நுழைக்க வேண்டும். 34 இருப்பது 17-ஆம் தாளில். 46-இல் 17 போக 29, ஒன்று கூட்ட 30. ஆகவே முதல் 29 பக்கங்களுக்குப் பின். துளையிட்ட தாள்களை வைக்கும்முன் கட்டின் ஓரத்தை விரலால் விசிறிபோலப் பிரித்து, துளைப் பக்கத்தை மேசையில் இருமுறை தட்டுங்கள். பிசிறு விட்டுவிடும்.

அறிகுறி: பக்க எண்ணே இல்லை, சரியா தவறா என்றே தெரியவில்லை

கையெழுத்துக் குறிப்பு, பழைய கடிதங்கள், கணக்கு நோட்டுகள். இங்கே தாளே சாட்சி. பஞ்ச் துளை முன்பக்கத்தில் இடப்புறம் இருந்தால் அதே தாளின் பின்பக்கத்தில் வலப்புறம், அதே உயரத்தில் இருக்கும். கிழிந்த மூலை, மடிந்த காது, காபிக் கறை எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல மறுபுறம் மாறித் தெரியும். மெல்லிய தாளில் மை ஊடுருவித் தெரிவது இன்னும் நல்ல சாட்சி: பின்பக்க ஸ்கேனில் வெளிறித் தெரியும் இடவலம் மாறிய எழுத்தின் வரிகள், முன்பக்கத்தின் வரி அமைப்போடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பொருந்தவில்லை என்றால் அவை ஒரே தாளின் இரண்டு பக்கங்கள் அல்ல.

இதற்காகவே வேலை முடியும்வரை ஸ்கேன் பின்னணியை வெளுப்பாக்கும் அமைப்பை நான் இயக்குவதில்லை. அழகுபடுத்தும் வேலையைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். உரிமையாளர் ஒப்புக்கொண்டால் ஒவ்வொரு தாளின் முன்பக்க மூலையிலும் பென்சிலால் சிறிதாக எண் போட்டுவிடுங்கள். அத்தனை சந்தேகமும் அதோடு தீரும்.

அறிகுறி: வரிசை சரி, பின்பக்கங்கள் தலைகீழாக நிற்கின்றன

கீழ்த்தட்டிலிருந்து கட்டை நேராகத் தூக்கி மேல்தட்டில் வைத்தால், முன்பு கடைசியாக உள்ளே போன விளிம்பு இப்போது முதலில் போகும். நெடுக்காக வைக்கும் தாளில் அது பக்கத்தைத் தலைகீழாக்கிவிடும். வைக்கும்போது கட்டை அரைச்சுற்று சுற்றி வைத்தால் நேராக வரும். அந்த அரைச்சுற்றில் தாள்களின் அடுக்கு மாறாது. z-1 அப்படியே பொருந்தும்.

ஸ்கேன் முடிந்துவிட்டது என்றால்:

```
qpdf backs.pdf backs-r.pdf --rotate=+180:1-z
```

பிறகு backs-r.pdf கோப்பை வைத்துக் கோக்கலாம். ஒரு பகுதி மட்டும் தலைகீழ் என்றால் அது நீங்கள் இரண்டாவது தவணையாக வைத்த கட்டாக இருக்கும். 1-z என்பதற்குப் பதில் அந்தப் பகுதியின் எண்களைக் கொடுங்கள், உதாரணமாக 31-46. மேலே புரட்டும் நாட்காட்டி போல அச்சிட்ட ஆவணங்களில் பின்பக்கம் இயல்பாகவே தலைகீழாக இருக்கும். அங்கே இதெல்லாம் நேர்மாறு. ஒரு தாளை ஸ்கேன் செய்து பார்த்துவிட்டே கட்டை வையுங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

ஒரு கட்டுக்கு ஓரிரு முறை இரட்டைத் தாள் போனால் தாளைக் குறை சொல்லலாம். புதுத் தாள் வைத்தாலும் போகிறது என்றால் இழுக்கும் ரப்பர் உருளை மழமழப்பாகிவிட்டது. முதலில் நூல் உதிராத துணியை நீரில் நனைத்துப் பிழிந்து உருளையைச் சுற்றித் துடைத்து, காயவிட்டுப் பாருங்கள். செலவில்லாத வைத்தியம், பாதி முறை பலிக்கும். பலிக்காவிட்டால் உருளையையும் அதற்கு எதிரே தாள்களைப் பிரிக்கும் சிறு ரப்பர் பட்டையையும் மாற்ற வேண்டும். பல இயந்திரங்களில் இரண்டும் தேய்ந்தால் மாற்றுவதற்கென்றே தனிப் பாகங்களாகக் கிடைக்கின்றன. கழற்றி மாட்டத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். உருளையின் அச்சு முறிந்தால் ஃபீடர் முழுவதையும் மாற்றும்படி ஆகிவிடும்.

தொட்டால் உதிரும் தாள், மெழுகு முத்திரையிட்ட பத்திரம், தையல் பிரித்தால் திரும்பத் தைக்க முடியாத கணக்குப் புத்தகம் ஆகியவை ஃபீடருக்கு உரியவையே அல்ல. அவற்றை மேலிருந்து படமெடுக்கும் வசதி உள்ளவர்களிடம் கொடுங்கள். அங்கே விரித்துப் பக்கம் பக்கமாக எடுப்பதால் கோக்கும் வேலையே வராது. பத்திர நகல், மருத்துவ அறிக்கை போன்றவற்றை இணையத்தில் இலவசமாகக் கோத்துத் தருவதாகச் சொல்லும் தளங்களில் ஏற்றவும் வேண்டாம். மேலே சொன்ன நிரல்கள் எல்லாம் உங்கள் கணினியிலேயே வேலையை முடிப்பவை.

ஆசிரியரின் 46 தாளையும் நான் மறுபடி கம்பி கோத்துக் கொடுத்தேன். வாங்கியவர் கடை வாசலிலேயே நின்று 34-ஆம் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் போனார்.